ஒரே குண்டான் சோறு, மூன்று பேர், ஒரு வாந்தி

வாசகி கேட்டது

"டாக்டர், எங்கள் வீடு காசிமேட்டில். ராத்திரி எட்டு மணிக்குச் சோறு வடிப்பேன். மீதியை மூடிப் போட்டு குண்டானிலேயே வைத்துவிடுவேன். போன வாரம் அந்த மீதியில் காலை ஆறரைக்கு முட்டை சோறு கிளறினேன். வீட்டுக்காரர் ஏழு மணிக்குச் சுடச்சுடச் சாப்பிட்டார், அவருக்கு ஒன்றும் இல்லை. எட்டு வயது மகனுக்கு டப்பாவில் கட்டிக் கொடுத்தேன். பள்ளியில் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டிருக்கிறான். இரண்டேகாலுக்கு வாந்தி ஆரம்பித்து, ராத்திரிக்குள் ஐந்து முறை. காய்ச்சல் இல்லை, பேதி இல்லை. மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தேன், மறுநாள் காலையில் சரியாகிவிட்டது. மாமியார் அதே சோற்றில் ராத்திரி ஒன்பது மணிக்கே கொஞ்சம் எடுத்துச் சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் பழைய சோறாகச் சாப்பிட்டார். அவர் கல் மாதிரி இருக்கிறார். 'சோற்றில் குற்றமில்லை, முட்டைதான் சூடு' என்கிறார். சோறு கெட்ட வாடை வரவேயில்லை, நன்றாக வதக்கியும்தான் கொடுத்தேன். ராத்திரி சோறு சாப்பிடலாமா, கூடாதா?"

மருத்துவரின் பதில்

நேரத்தையெல்லாம் இவ்வளவு சரியாகக் குறித்து எழுதியதற்கு முதலில் நன்றி. வயிற்றுக் கோளாறில் 'என்ன சாப்பிட்டான்' என்பதைவிட 'சாப்பிட்டு எத்தனை மணி நேரத்தில் தொடங்கியது' என்பதுதான் எங்களுக்கு அதிகம் சொல்லும். உங்கள் மகனுக்குச் சாப்பிட்டு ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வாந்தி. காய்ச்சல் இல்லை, பேதி இல்லை, ஒரு நாளுக்குள் அடங்கிவிட்டது. இதைப் படித்ததும் முட்டை மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. முட்டையிலிருந்து வரும் சால்மொனெல்லா கிருமி குடலில் பெருகி நோயாக ஆறு மணி நேரமாவது வேண்டும், பல சமயம் ஒன்றிரண்டு நாள்கூட ஆகும். வரும்போது காய்ச்சலையும் பேதியையும் கூட்டிக்கொண்டு வரும். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வாந்தி என்றால், டப்பாவைத் திறக்கும்போதே விஷம் உள்ளே தயாராக இருந்திருக்கிறது.

அப்படி உணவிலேயே விஷத்தைத் தயார் செய்து வைக்கும் கிருமிகளில் சோற்றோடு அதிகம் பேசப்படுவது பாசிலஸ் சீரியஸ். கையிலிருந்து உணவுக்குப் போகும் ஸ்டேஃபிலோகாக்கஸ் என்ற இன்னொரு கிருமியும் கிட்டத்தட்ட இதே மாதிரி வாந்தி எடுக்க வைக்கும். மிச்சச் சோற்றைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பாமல் எது என்று நூறு சதவீதம் சொல்ல முடியாது. ஆனால் குண்டானில் பத்து மணி நேரம் கிடந்த வடித்த சோறு என்றதும் எந்த மருத்துவரும் முதலில் நினைப்பது பாசிலஸைத்தான். நல்லவேளையாக, இரண்டையும் தடுக்கும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்.

வடித்த சோற்றில் கிருமி எப்படி உயிரோடு இருக்கும்?

கொதிக்கிற உலையில் வெந்த சோறுதானே என்று கேட்பீர்கள். பாசிலஸ் சீரியஸ் மண்ணில் வாழ்கிற கிருமி. வயலிலிருந்து நெல்லோடு ஒட்டிக்கொண்டு வந்து, ஆலை, மூட்டை, ரேஷன் கடை எல்லாம் தாண்டி உங்கள் அரிசிப் பானைக்குள் வந்துவிடும். ரேஷன் அரிசியோ, கிலோ அறுபது ரூபாய் பொன்னியோ, இதில் வித்தியாசம் பெரிதாக இல்லை. சூழ்நிலை சரியில்லை என்றால் இந்தக் கிருமி தடித்த ஓடு போட்ட விதை மாதிரி ஒடுங்கிக்கொள்ளும். இதை ஸ்போர் என்கிறோம். நான்கைந்து முறை களைந்தாலும் எல்லாம் போகாது. நூறு டிகிரி கொதியில் சாதாரணக் கிருமிகள் செத்துவிடும். ஸ்போர்களில் ஒரு பகுதி தப்பிவிடும். அதைவிட வேடிக்கை, அந்தச் சூடே அவற்றைத் தட்டி எழுப்பும். கஞ்சி வடித்து, சோறு ஆறி ஐம்பது டிகிரிக்குக் கீழே வரும்போது முளைக்க ஆரம்பிக்கும். போட்டிக்கு வேறு கிருமி எதுவும் இல்லை, எல்லாம் வெந்து போயிற்று. ஈரமும் மாவுச்சத்தும் தாராளம். குக்கரில் சூடு கூடுதல் என்பதால் தப்பும் ஸ்போர் குறையலாம். ஆனால் அதை நம்பி ராத்திரி முழுக்க வெளியில் வைக்கச் சொல்ல மாட்டேன். பிறகு விடும் கரண்டியிலிருந்தும் புதிதாக வந்து சேரலாம்.

இந்தக் கிருமிக்கு மிகப் பிடித்த வெப்பம் 30 முதல் 37 டிகிரி. கோடையில் நம் பக்கத்து அடுப்படி ராத்திரியிலும் ஏறக்குறைய அதுதான். இந்தச் சூட்டில் சோற்றில் அது இரண்டு மடங்காக அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். கணக்குக்காக முக்கால் மணி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் குண்டானில் பெரிய கட்டியாக, மூடி போட்டு இருந்த சோற்றின் நடுப்பகுதி நன்றாக ஆற இரவு பத்து, பத்தரை ஆகியிருக்கும். அங்கிருந்து காலை ஆறு மணி வரை ஏழரை மணி நேரம், அதாவது பத்து முறை இரட்டிப்பு. பத்து முறை இரட்டித்தால் ஆயிரம் மடங்கு. ஒரு கிராம் சோற்றில் நூறு கிருமி இருந்திருந்தால் ஒரு லட்சம். பொதுவாக ஒரு கிராமுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான் ஆபத்து என்று சொல்வோம். உங்கள் குண்டான் காலையில் அந்தக் கோட்டின் மேல் நின்றிருக்கிறது.

வதக்கியபோது என்ன நடந்தது

நீங்கள் நன்றாக வதக்கினேன் என்கிறீர்கள், நம்புகிறேன். அந்தச் சூட்டில் அப்போது முளைத்துத் திரிந்த கிருமிகள் பெரும்பாலும் செத்திருக்கும். ஆனால் அவை பெருகும்போதே சீரியுலைடு என்ற ஒரு நச்சை வெளிவிட்டிருக்கும். இது 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் தாக்குப்பிடிக்கும். வாணலியில் ஐந்து நிமிடம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இரைப்பையின் அமிலமும் அதை ஒன்றும் செய்யாது. வயிற்றுக்குள் போனதும் மூளைக்குப் போகும் ஒரு நரம்பைத் தூண்டிவிட்டு வாந்தி எடுக்க வைக்கும். மணம் கிடையாது, ருசி கிடையாது, நிறம் கிடையாது. சோறு பிசுபிசுத்து நூல் விட்டாலோ வாடை வந்தாலோ அது கெட்டுப்போனதற்கு அடையாளம், கொட்டிவிடலாம். வாடை இல்லை என்பதை நல்ல சோற்றுக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டதுதான் உங்கள் கணக்கில் இருந்த பிசகு.

இது நமக்கு மட்டும் வந்த சங்கடம் என்று நினைக்க வேண்டாம். இந்த வாந்தி நோய் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்ததே இங்கிலாந்தில், 1971 வாக்கில், சீன உணவகங்களின் ஃப்ரைடு ரைஸால்தான். அங்கே சமையல்காரர்கள் சோற்றை மொத்தமாக வடித்து, ராத்திரி முழுக்க வெளியிலேயே உதிர வைப்பார்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் கட்டிகட்டியாகிவிடும் என்று தயக்கம். மறுநாள் முட்டை போட்டுச் சட்டென்று வதக்கிப் பரிமாறுவார்கள். காசிமேட்டில் நீங்கள் செய்ததும் அதே செய்முறைதான்.

இனி வீட்டுக்காரர் கதைக்கு வருவோம். அவர் ஏழு மணிக்குச் சாப்பிட்டார். மகனுடைய பங்கு சூடாகவே டப்பாவில் அடைபட்டு, மேலும் ஆறு மணி நேரம் வெதுவெதுப்பாகப் பைக்குள் கிடந்தது. வதக்கலில் தப்பிய ஸ்போர்களுக்கு அது இரண்டாவது ராத்திரி. இன்னொன்று, உடல் எடை. அறுபது, எழுபது கிலோ ஆள் தாங்கும் அளவு நச்சை இருபத்தைந்து கிலோ பிள்ளை தாங்கமாட்டான். ஆக, அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது சோறு நல்லது என்பதற்குச் சாட்சி ஆகாது.

ஹாட் பாக்ஸில் கொடுத்தால் சரியாகிவிடுமா என்று சிலர் கேட்பார்கள். அறுபது டிகிரிக்கு மேல் இருந்தால் கிருமி வளராது, அது உண்மை. ஆனால் நம் வீட்டு ஹாட் பாக்ஸ் மதியத்துக்குள் நாற்பதுக்கு இறங்கிவிடும். அப்போது அது கிருமிக்கு அடைகாக்கும் பெட்டி. புதிதாக வடித்த சோற்றைக் கொதிக்கக் கொதிக்க வைத்து நான்கைந்து மணி நேரத்தில் சாப்பிடுவதற்கு அது உதவும். ராத்திரிச் சோற்றுக்கு உதவாது.

மாமியாரின் சட்டி

அவர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதி எனக்கு மிகவும் பிடித்த பாதி, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஒரே குண்டான் சோறுதான். ஆனால் ஒன்பது மணிக்கு அவர் செய்த காரியத்தால் அது வேறு உணவாகிவிட்டது. முதலில், சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றியதால் மிச்சச் சூடும் சீக்கிரம் இறங்கியது. அப்புறம், சோறு தண்ணீருக்குள் மூழ்கியது. இந்தக் கிருமி அந்த வாந்தி நச்சைத் தயாரிக்கக் காற்று நன்றாகப் படவேண்டும். மூழ்கிய சோற்றில் அந்த வசதி குறைவு. மூன்றாவதுதான் முக்கியம். மண்சட்டியின் சுவரிலும், கரண்டியிலும், கையிலும் இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள், அதாவது தயிரைப் புளிக்க வைக்கிற அதே குடும்பம், தண்ணீரில் பெருகிப் புளிப்பை உண்டாக்கின. புளிப்பு கூடக் கூடக் குறைகிற பி.ஹெச். அளவு ஐந்துக்குக் கீழே இறங்க இறங்க பாசிலஸ் தள்ளாடும். நான்கரை வாக்கில் பெரும்பாலும் நின்றுவிடும். நம் ஊரில் பழைய சோறு இத்தனை தலைமுறை தாங்கியதற்குக் காரணம் இந்தப் புளிப்புதான். உங்கள் மாமியார் அதைப் பார்த்துப் பழகியவர். அவர் தவறவிட்டது, தண்ணீர் ஊற்றாத சோற்றுக்கும் அதே நற்சான்று கொடுத்ததுதான்.

இது ஓர் ஓட்டப்பந்தயம் மாதிரி. முதல் சில மணி நேரம் புளிப்பு இன்னும் வந்திருக்காது. அந்த இடைவெளியில் பாசிலஸ் முந்தினால் கோளாறு. அதனால்தான் சில வீடுகளில் நேற்றைய நீராகாரத்தில் ஒரு கரண்டியோ, ஒரு ஸ்பூன் மோரோ சேர்த்து விடுவார்கள். புளிக்க வைக்கும் அணியை முன்கூட்டியே களத்தில் இறக்கிவிடுகிற வேலை அது. புத்திசாலித்தனமான வேலையும்கூட. மணி பத்து, பதினொன்றுக்கு மேல் ஞாபகம் வந்து தண்ணீர் ஊற்றுவது, சோறு மேலே தெரிகிற மாதிரி கொஞ்சமாக ஊற்றுவது, கழுவாத சட்டி, இவையெல்லாம் பந்தயத்தை எதிராளிக்கு விட்டுக்கொடுப்பது. காலையில் ஒரு வாய் நீராகாரம் குடித்துப் பாருங்கள். மெல்லிய புளிப்பும் தயிர் போன்ற மணமும் இருக்க வேண்டும். புளிக்கவே இல்லை, வெறும் தண்ணீர் மாதிரி இருக்கிறது, அல்லது வழவழப்பு, அழுகல் நாற்றம், நிறப்புள்ளி என்றால் கொட்டிவிடுங்கள். ஏற்கனவே உண்டான நச்சைத் தண்ணீர் மாற்றிக் கழுவ முடியாது.

நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றைக் குடல் நோய்க்கு வைத்து ஆய்வு செய்கிறார்கள் என்பதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அதைச் சொல்லி ராத்திரி குண்டான் சோற்றைச் சாப்பிட வருகிறவர்களும் என்னிடம் உண்டு. ஆய்வில் இருப்பது தண்ணீரில் புளித்த சோறு. உங்கள் அடுப்படியில் மூடி போட்டு வைத்தது அது கிடையாது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மாமியாரின் சட்டியில் எனக்குப் பாசிலஸ் பயம் குறைவு, தண்ணீர்ப் பயம் அதிகம். ஊறவைத்த பிறகு இந்தச் சோற்றைக் கொதிக்க வைப்பதில்லை. ஊற்றும் தண்ணீரில் சாக்கடை கலந்திருந்தால் டைஃபாய்டு, காமாலை, காலரா எல்லாம் நேராக உள்ளே போகும். மழைக்குப் பிறகு நம் தெருக் குழாயில் வரும் தண்ணீரின் நிறம் உங்களுக்கே தெரியும். கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். கேன் தண்ணீரும் பல நாள் திறந்து கிடந்தது என்றால் கொதிக்க வைத்ததே மேல். கர்ப்பிணிகள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கல்லீரல் பழுதானவர்கள், இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைகள் பழைய சோற்றைத் தவிர்ப்பது நல்லது.

இனி ராத்திரி சோற்றை என்ன செய்வது

உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: தண்ணீர் ஊற்றாமல் ராத்திரி முழுக்க வெளியில் இருந்த சோற்றைச் சாப்பிட வேண்டாம், மறுபடி வதக்கியும் வேண்டாம். வடித்து இரண்டு மணி நேரத்துக்குள் அதன் விதியை முடிவு செய்துவிடுங்கள். எட்டு மணி சோறு என்றால் பத்துக்குள்.

மகனுக்குக் காலையில் முட்டை சோறு வேண்டும் என்றால், சாப்பாடு முடிந்ததும் மீதியைத் தாம்பாளத்தில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, ஃபேனுக்கு அடியில் வையுங்கள். குண்டானில் மணிக்கணக்கில் ஆறுகிற சோறு இப்படி அரை மணியில் ஆறிவிடும். கை வைத்தால் சூடு தெரியாத பதம் வந்ததும், சின்ன மூடிய டப்பாக்களில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். சூடு முழுக்கத் தணியட்டும் என்று காத்திருந்து தூங்கிவிடுகிற வீடுகள்தான் அதிகம். காலையில் தேவையானதை மட்டும் எடுத்து, ஆவி பறக்க ஒரே ஒரு முறை சூடாக்குங்கள். மீந்ததைத் திரும்ப வைக்காதீர்கள். அந்தச் சோற்றை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கவும் வேண்டாம்.

ஃப்ரிட்ஜ் நிஜமாகவே குளிர்கிறதா என்றும் பாருங்கள். 2003-இல் பெல்ஜியத்தில் ஒரு வீட்டில் பாஸ்தா சாலட் சாப்பிட்ட குழந்தைகளுக்கு இதே சீரியுலைடு நச்சு தாக்கி, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கல்லீரல் செயலிழந்து இறந்துபோனாள். சாலட் ஃப்ரிட்ஜில்தான் இருந்தது, ஆனால் ஃப்ரிட்ஜின் உள்ளே 14 டிகிரி. ஐந்து டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கதவு ரப்பர் தளர்ந்திருந்தாலோ, ராத்திரியில் மணிக்கணக்கில் கரண்ட் போனாலோ, ஃப்ரிட்ஜை நம்பாமல் மீதியை மாமியாரின் சட்டிக்குக் கொடுத்துவிடுங்கள். இப்படிக் கல்லீரல் வரை போவது மிக மிக அரிது. பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆனால் குழந்தைகளிடம் அது நடந்திருக்கிறது.

பள்ளி டப்பாவுக்கு என் விருப்பம் வேறு: காலையில் புதிதாக அரை ஆழாக்கு அரிசி வைத்துவிடுங்கள். வேலைக்கு ஓடுகிற வீட்டில் இது பேச்சுக்குச் சுலபம் என்று எனக்கும் தெரியும். அது முடியாத நாளில் எலுமிச்சைச் சோறோ புளிச்சோறோ முட்டை சோற்றைவிடத் தாங்கும், புளிப்பு அங்கேயும் வேலை செய்கிறது. ஆனால் ஏற்கனவே கெட்ட ராத்திரிச் சோற்றில் எலுமிச்சை பிழிந்து அதை நல்லதாக்க முடியாது.

மறுபடி வாந்தி வந்தால்

ஆன்டிபயாடிக் கொடுத்தீர்கள், மறுநாள் சரியானது. அந்த மாத்திரையால் சரியாகவில்லை. இந்த வாந்தி தானாகவே ஒரு நாளுக்குள் நிற்கும். நச்சைக் கொல்ல ஆன்டிபயாடிக்கால் முடியாது, வயிற்றைக் கூடுதலாகப் புரட்டத்தான் செய்யும். மீதி இருந்தால் தூக்கிப் போடுங்கள், அடுத்த காய்ச்சலுக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.

கொடுக்க வேண்டியது ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் மேல் எத்தனை தண்ணீருக்கு என்று போட்டிருக்கும், ஒரு லிட்டர் பாக்கெட்டும் உண்டு, 200 மில்லி பாக்கெட்டும் உண்டு. அதைப் படிக்காமல் டம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பு கூடிப் பிள்ளைக்கு ஆபத்து. வாந்தி எடுத்ததும் பத்து நிமிடம் விட்டு, ஒரு ஸ்பூன், இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு ஸ்பூன் என்று கொடுங்கள். மடமடவென்று குடிக்க வைத்தால் திரும்ப வெளியே வரும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை, ஸ்பூன் கணக்கும் தங்கவில்லை, எழுப்பினால் சரியாக விழிக்காமல் மயக்கமாகக் கிடக்கிறான், வாந்தியில் ரத்தம் அல்லது பச்சை நிறம், கண் மஞ்சள், ஒரு நாள் தாண்டியும் நிற்கவில்லை, இவற்றில் ஒன்று வந்தாலும் நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். போகும்போது எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டான் என்பதை எனக்கு எழுதிய மாதிரியே எழுதி எடுத்துப் போங்கள். மிச்சம் இருந்தால் அந்த டப்பாவையும் கழுவாமல் கொண்டுபோங்கள்.